தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, நினைவுக் குறிப்பு: யாருடைய குரல், எதற்காக?

படிவம் நான்கில் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் கொள்ளுப் பாட்டியைப் பற்றி எழுதிவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டி பேசியதை ஒரு மணி நேரம் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு அவள் மேசைக்கு வருகிறாள். முதல் வாக்கியத்திலேயே தடுமாற்றம். "நான் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தேன்" என்று பாட்டியின் வாயாலேயே தொடங்குவதா? "அவர் 1937-ஆம் ஆண்டு பிறந்தார்" என்று வெளியில் நின்று சொல்வதா? அல்லது "அப்பாவை லாரியில் ஏற்றிய அந்தக் காலை நேரத்தைப் பாட்டி எப்போது சொன்னாலும் குரல் தாழ்ந்துவிடும்" என்று ஒரு காட்சியைப் பிடிப்பதா?

முதல் வாக்கியம் தன்வரலாற்றுக்குப் போகும் வழி. சுயசரிதை என்பதும் அதுதான். இரண்டாவது, வாழ்க்கை வரலாறு. மூன்றாவது, நினைவுக் குறிப்பு. "நான்" என்று எழுதினால் தன்வரலாறு, "அவர்" என்று எழுதினால் வாழ்க்கை வரலாறு என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கும் மாணவர்கள் பலர். அந்த விதி பாதி தூரம்தான் கைகொடுக்கும். ஒரு நூல் எந்த வகை என்பதை அது எதற்காக எழுதப்பட்டது, சொல்பவருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஒருவரே எழுதிய மூன்று வகை

இதைப் புரிந்துகொள்ள உ. வே. சாமிநாத ஐயரைப் போல வசதியான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது. பழந்தமிழ் நூல்களை ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்று பாடநூலில் படித்த அதே உ.வே.சா. தான். அவர் இந்த மூன்று வகையிலும் எழுதியிருக்கிறார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பகுதிகளாக 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 'என் சரித்திரம்' என்ற தன்வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 'நான் கண்டதும் கேட்டதும்', 'நினைவு மஞ்சரி' போன்ற தொகுப்புகளில் தாம் சந்தித்த மனிதர்களையும் நேர்ந்த நிகழ்ச்சிகளையும் தனித்தனிக் கட்டுரைகளாகத் தந்தார்.

முதலில் வாழ்க்கை வரலாற்றைப் பார்ப்போம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்தது 1815-இல். உ.வே.சா. பிறந்தது 1855-இல். பதினாறு வயதில், 1871-ஆம் ஆண்டு, மாயூரத்தில் அவரிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். பிள்ளை 1876 பிப்ரவரி முதல் தேதி காலமானார். கணக்குப் போட்டால், அறுபது ஆண்டு வாழ்க்கையில் மாணவர் தம் கண்ணால் பார்த்தது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் மட்டுமே. மீதி ஐம்பத்தைந்து ஆண்டுகளை எப்படி எழுதுவது? பிள்ளையோடு பழகிய பெரியவர்களைக் கேட்க வேண்டும். கடிதங்களைத் தேட வேண்டும். அவர் பாடிய செய்யுள்களில் எது எந்த ஊரில், யாருக்காகப் பாடப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வாழ்க்கை வரலாற்றாசிரியரின் வேலை பெரும்பாலும் இதுதான். எழுதுவது கடைசியில் வருகிறது.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அந்த வாழ்க்கை வரலாற்றிலும் உ.வே.சா. வருகிறார். ஆசிரியரின் கடைசி ஆண்டுகளைச் சொல்லும்போது அவர் அங்கே உடனிருந்த மாணவர். ஆனாலும் அது தன்வரலாறு ஆகிவிடவில்லை. ஏனென்றால் அங்கே அவர் சாட்சியாக நிற்கிறார். நூலின் நடுவில் நிற்பவர் பிள்ளைதான். ஆகவே, "நான்" என்ற சொல் வந்துவிட்டதாலேயே ஒரு நூலைத் தன்வரலாறு என்று முடிவுகட்டக் கூடாது.

ஒரு சந்திப்பு எந்த நூலில் இடம்பெறும்?

நோக்கம் எப்படி நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு 1880 அக்டோபர் மாதச் சந்திப்பு ஒன்று போதும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அதே ஆண்டு, அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இளம் தமிழாசிரியர் தாம் பாடம் கேட்ட அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று ஒரு நீண்ட பட்டியலைச் சொன்னார். கேட்டவர் வியந்துபோவார் என்று எதிர்பார்த்தார். முதலியார் அசையவில்லை. அவற்றால் என்ன பயன் என்பதுபோலக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. அவற்றுக்குப் பாடம் சொல்பவர்கூட அப்போது கிடைப்பது அரிது. அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது.

தன்வரலாற்றில் இது நடுத்தூண். அதுவரை நடந்தவை எல்லாம் இந்தச் சந்திப்பை நோக்கி வருகின்றன; பிறகு நடந்தவை எல்லாம் இதிலிருந்து கிளம்புகின்றன. "நான் எப்படி இந்த ஆள் ஆனேன்?" என்ற கேள்விக்கு விடை சொல்வது தன்வரலாற்றின் நோக்கம். அந்த விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றில் இதற்கு இடம் தேவையில்லை. பிள்ளை காலமாகி நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது இது. அதேபோல், பிள்ளையின் இளமைக்காலத் திரிசிராப்பள்ளி வாழ்க்கை அவருடைய வரலாற்றுக்கு அடித்தளம். மாணவரின் தன்வரலாற்றுக்கோ அது தூரத்துப் பின்னணிதான். ஒரே எழுத்தாளர், ஒரே காலம். நூல் யாரைப் பற்றியது, எதற்காக என்பது மாறியதும் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் மாறிவிடுகின்றன.

ஒருவேளை உ.வே.சா. இந்தச் சந்திப்பை மட்டும் எடுத்து, முதலியார் என்ற மனிதர் எப்படிப்பட்டவர் என்று காட்டத் தனிக்கட்டுரை எழுதினால், அது நினைவுக் குறிப்பு. அங்கே தாம் பிறந்த ஊரிலிருந்து தொடங்கத் தேவையில்லை. பிறகு வந்த பதிப்புகளையெல்லாம் சொல்லி முடிக்கவும் வேண்டாம். ஒரு மனிதர், ஓர் அறை, ஒரு கேள்வி, அது மனத்தில் தைத்த விதம் போதும். 'நான் கண்டதும் கேட்டதும்' என்ற தலைப்பே நினைவுக் குறிப்பின் எல்லையைச் சொல்லிவிடுகிறது. பார்த்தது, கேட்டது இரண்டும்தான் அதன் சொத்து. முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது என்று அது உரிமை கொண்டாடுவதில்லை.

நினைவுக் குறிப்பு பிறரைப் பற்றியும் இருக்கலாம் என்பதற்கு யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' நல்ல சான்று. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது அவர் வீட்டோடு பழகிய சிறுமி, பின்னாளில் அந்த நாள்களை எழுதினார். எட்டயபுரத்துப் பிறப்பும் காசி வாழ்க்கையும் முறையாக அதில் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு சிறுமி நின்ற இடத்திலிருந்து கவிஞர் எப்படித் தெரிந்தார் என்பதுதான் அதில் கிடைக்கிறது. முறையான வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்கு அது ஒரு சான்று ஆகிறது.

எழுதும் 'நான்', வாழ்ந்த 'நான்'

குரல் என்றால் என்ன என்று கேட்டால் பலர் "தன்மை, படர்க்கை" என்று இலக்கணத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அது ஒரு பகுதிதான். தன்வரலாற்றில் உண்மையில் இரண்டு "நான்"கள் இருக்கின்றன. முதலியார் முன் பட்டியலை ஒப்பித்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். அதை எழுதும்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமிதமும் ஏமாற்றமும் ஒரு குரல். அந்த இளைஞனின் அறியாமையைப் பார்த்து லேசாகச் சிரிக்கும் கிழவரின் நிதானம் இன்னொரு குரல். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் தன்வரலாறு நன்றாக வருகிறது. மாணவர் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒன்று காணாமல் போய்விடும்: எல்லாம் தெரிந்த இன்றைய ஆள் மட்டும் பேசிக்கொண்டிருப்பார், அன்று ஒன்றும் தெரியாமல் நின்ற பிள்ளை வரவே மாட்டாள்.

எழுதுபவர் உயிரோடிருக்கும் வரையில்தான் தன்வரலாறு நடக்கும் என்பதும் இந்தக் குரலின் குணம். உ.வே.சா. 1942 ஏப்ரலில் காலமானார். 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. கதை அப்போது 1890-களின் முடிவைத்தான் எட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதில் இல்லை. மிச்சத்தை எழுத இன்னொருவர் வேண்டியிருந்தது. அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப் பிரான்' என்ற நூலில் அந்தப் பிற்காலத்தைச் சொன்னார். ஆசிரியரின் வாழ்க்கையை மாணவர் எழுதியதும், அந்த மாணவரின் வாழ்க்கையை அவருடைய மாணவர் எழுதியதும் ஓர் அழகான சங்கிலி. தன்வரலாறு எழுதுபவர் தம் முடிவை எழுத முடியாது. வாழ்க்கை வரலாறோ, பிள்ளையின் கடைசி நாளைச் சொன்னதுபோல, முடிவையும் சொல்லிவிடும்.

'என் ஆசிரியப் பிரான்' என்ற தலைப்பில் "என்" இருக்கிறது, "பிரான்" இருக்கிறது. எழுதுபவர் பக்தியோடு எழுதுகிறார் என்பது அட்டையிலேயே தெரிகிறது. இது தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைக் காட்டுகிறது. தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே ஏறிவிடுகிறது. ஐந்து வயதில் ஓலைச்சுவடியோடு நின்ற சிறுவனையும் வாழ்க்கை வரலாறு "நின்றார்" என்றுதான் எழுதும். அதனால் குழந்தையின் குறும்பும் பயமும் மங்கிப்போய், பிறக்கும்போதே பெரியவராகப் பிறந்ததுபோலத் தோன்றும். நினைவுக் குறிப்பு எழுதுபவருக்கு இந்தக் கட்டு கொஞ்சம் தளரும்: "அப்பா வந்தாரு", "தங்கச்சி ஓடினா" என்று வீட்டுப் பேச்சைக்கூட உள்ளே விடலாம். மரியாதைச் சொல் இருக்கட்டும், ஆனால் அதற்குப் பின்னால் குறைகளை ஒளித்துவைக்கக் கூடாது. பிள்ளையின் பெரும்புலமையைச் சொன்ன உ.வே.சா., அவர் கடன் தொல்லையில் பட்ட பாட்டையும் சொல்லத் தயங்கவில்லை. அதனால்தான் அந்த வரலாறு வெறும் பாராட்டுமடலாகப் போகவில்லை.

சில நூல்கள் பெயரிலோ சொல்லும் முறையிலோ வாசகரை ஏமாற்றும். கண்ணதாசனின் 'வனவாசம்' தன்வரலாறுதான்; ஆனால் கவிஞர் தம்மை "அவன்" என்றே குறிப்பிடுகிறார். அரசியலில் தாம் செய்த தவறுகளை வெளிப்படையாகச் சொல்ல, அந்த ஆளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பது அவருக்கு உதவியிருக்க வேண்டும். திரு.வி.க. தம் நூலுக்கு 'வாழ்க்கைக் குறிப்புகள்' என்று பெயர் வைத்தார். பெயரைப் பார்த்தால் நினைவுக் குறிப்பு போல இருக்கும். உள்ளே இருப்பது விரிவான தன்வரலாறு. வ.உ.சி. தம் சுயசரிதையைச் செய்யுளிலேயே எழுதினார். எனவே தேர்வில் ஒரு பகுதியைக் கொடுத்து வகையைக் கேட்டால், பிரதிப்பெயரை மட்டும் பார்த்து விடை எழுதுவது ஆபத்து. இது யாருக்குள் நடந்தது, சொல்பவர் அதை எப்படி அறிந்தார், முழு வாழ்க்கையைச் சொல்லப் பார்க்கிறாரா ஒரு துண்டை மட்டும் எடுக்கிறாரா என்று கேட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

பாட்டியின் கதைக்குத் திரும்பினால்

இப்போது அந்த மாணவியின் கைப்பேசியில் இருப்பதைக் கவனிக்கலாம். எடுத்துக்காட்டுக்காக அமைத்த கதைதான். ஆனாலும் நாட்டில் பல தோட்டக் குடும்பங்களில் இதுபோல ஒன்று உண்டு. பாட்டி சொல்கிறார்: "சப்பான்காரன் காலத்துல எனக்குப் பத்து வயசு. அப்பாவ சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனாங்க. நான் முள்ளுக்கம்பி வேலியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். தம்பி ஏணையில அழுதுக்கிட்டு இருந்தான். அப்பா திரும்பி வரவே இல்ல."

மாணவி பாட்டியின் அடையாள அட்டையைப் பார்க்கிறாள். பிறந்த ஆண்டு 1937. சயாம் ரயில்பாதை வேலை நடந்தது 1942, 1943-ஆம் ஆண்டுகளில். அப்படியானால் பாட்டிக்கு அப்போது ஐந்து அல்லது ஆறு வயதுதான் இருக்கும். பத்து வயது என்பது பொருந்தவில்லை. பாட்டி தவறாகச் சொல்கிறார் என்று உடனே முடிவு செய்துவிடலாமா? கூடாது. மலாயாவில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது 1948-இல். பிறப்பைப் பதிந்து வைக்காத தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லித்தான் எழுதினார்கள். அட்டையிலிருக்கும் ஆண்டும் ஒருவர் ஊகித்ததாக இருக்கலாம். அட்டை தவறா, நினைவு தவறா என்பதற்கு மூன்றாவது ஒரு சான்று வேண்டும். தம்பியின் பிறப்புப் பத்திரம் இருந்து, அதில் 1942 என்று இருந்தால், அவன் ஏணையில் கிடந்த காலம் 1942-க்கும் 1943-க்கும் இடையில் என்பது உறுதிப்படும். அப்பா போன காலம் சரி என்று தெரிகிறது. பாட்டியின் வயது மட்டும் கேள்வியாகவே நிற்கும். நிற்கட்டும்.

அடுத்தது அந்த முள்கம்பி வேலி. தோட்டத்து லயங்களை ஒன்றுசேர்த்து முள்கம்பி வேலி போட்டது, பெரும்பாலும் 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில்தான். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று வேலி வாசலில் ஆள்களைச் சோதனை போட்டு, அரிசியும் சோறும் வெளியே போகாமல் தடுத்த காலம் அது. அப்படியானால் அப்பா போன காலையில் பாட்டி பிடித்துக்கொண்டு நின்றது எந்த வேலி? அதற்கு ஒரு கேள்வி போதும்: "பாட்டி, அந்த வேலி வாசலில் யார் நின்றார்கள்?" பாட்டி, "போலீஸ்காரங்க நின்னு பால் வாளியக்கூடத் தொறந்து பார்ப்பாங்க, சோத்த எடுத்துட்டுப் போக முடியாது" என்று சொன்னால், அந்த வேலி அவசரகாலத்து வேலி. சில ஆண்டுகள் கழித்து வந்த ஒரு காட்சி முந்தைய துக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பாட்டி பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். பிரிவு என்றதும் வேலி என்று மனம் சேர்த்துவைத்துவிட்டது.

இந்த ஒரே பேச்சை மூன்று வகையும் எப்படிக் கையாளும் என்று பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும்.

தன்வரலாறாக எழுதினால், பாட்டியே சொல்ல வேண்டும். அவருக்கு எழுத வராது என்றால் பேத்தி எழுதிக்கொடுக்கலாம். அப்போது "பாட்டி சொல்லக் கேட்டு எழுதியது" என்று தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். அதில் சயாம் ஒரு காட்சியோடு முடியாது. "அப்பா போன பிறகு அம்மா ஒருத்தி சம்பாத்தியம். தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவோடு விடியற்காலையில் பெரட்டுக்குப் போகப் பழகினேன். பிறகு என் பிள்ளைகள் ஒருத்தரையும் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தவிடவில்லை" என்று அந்தக் காலை மற்ற ஆண்டுகளோடு கோர்க்கப்படும். பேத்தி இதில் தன் சொற்களைத் திணிக்கக் கூடாது. பாட்டி ஒருநாளும் சொல்லாத "சமூக விழிப்புணர்வு" என்ற சொல் அவர் வாயில் வந்தால் குரல் உடைந்துவிடும்.

நினைவுக் குறிப்பாக எழுதினால், அந்தக் காலை மட்டும். லாரியின் சத்தம், ஏணையின் ஆட்டம், அப்பா கையில் இருந்தது என்ன, அம்மா அழுதாரா அழவில்லையா. வேலியை எடுத்துவிட வேண்டியதில்லை. "நான் ஒரு வேலியைப் பிடித்திருந்ததாகவே இன்றும் தோன்றுகிறது. அந்த வேலி பிறகுதான் வந்தது என்கிறார்கள். அப்படியானால் என் கையில் இருந்தது என்ன என்று தெரியவில்லை" என்று எழுதினால், நினைவின் தடுமாற்றமே அந்தக் குறிப்பின் உயிராகிவிடும். தவறைத் தெரிந்துகொண்டும் சொல்லாமல் விட்டால்தான் குற்றம்.

வாழ்க்கை வரலாறாக எழுதினால், பேத்தி வெளியில் நின்று பேச வேண்டும். "அவருடைய தந்தை 1942-க்கும் 1943-க்கும் இடையில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் எங்கே, எப்போது இறந்தார் என்பதற்குக் குடும்பத்தில் கடிதமோ பதிவோ இல்லை. அப்போது தமக்குப் பத்து வயது என்று அவர் நினைவுகூர்கிறார். அடையாள அட்டையின்படி வயது அதைவிடக் குறைவு." இந்த நடை கொஞ்சம் வறண்டதுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அது எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. வேலி இதில் வராது. வந்தால் அவசரகாலத்துப் பகுதியில் வரும்.

மாணவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடமும் வாழ்க்கை வரலாறுதான். "லாரியில் ஏறும்போது, என் பிள்ளைகளை இனி யார் காப்பாற்றுவார்கள் என்று அப்பா மனத்துக்குள் கலங்கினார்" என்று எழுதிவிடுவார்கள். அவர் மனத்துக்குள் கலங்கியது எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? அவர் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை. அது நாவலாசிரியரின் உரிமை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலில் பாத்திரங்களின் மனத்துக்குள் போகலாம், போக வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுபவர் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அதிகம் போனால், "அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்ததாகப் பாட்டி சொல்கிறார்" என்று எழுதலாம். பெரும்பாலும் அந்த ஒரு வரியே, கற்பனைக் கலக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் பதிவு ஒன்றுதான். அதனால் அந்த மாணவி எழுதத் தொடங்கும் முன்பு, பேசியது யார், எந்தத் தேதியில், எந்த வீட்டில், உடன் இருந்தவர் யார், நடுவில் யாராவது "இல்லம்மா, அது அப்புறம்" என்று திருத்தினார்களா என்பதை ஏட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். அடையாள அட்டையிலும் பிறப்புப் பத்திரத்திலும் இருந்த ஆண்டுகளைத் தனியாக, பாட்டி சொன்ன வயதை அதன் பக்கத்தில் தனியாக எழுதுவாள். இரண்டையும் கலந்து ஒரு சராசரி ஆண்டு கண்டுபிடிக்க மாட்டாள். வேலிக் கேள்வியை இன்னும் கேட்கவில்லை என்றால், அடுத்த வாரம் பாட்டி வீட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டியவற்றில் அதுதான் முதலாவது.